கண்ணில் ஏறிய மஞ்சள்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷமாக நிற்கிறவளுக்குத் தெரு வைத்த பெயர் அரை டாக்டர். பாராட்டித்தான் வைத்தார்கள் என்று அவள் நம்பினாள். நம்பட்டும் என்று நாமும் விட்டுவிட்டோம். சீட்டில் எழுதியிருப்பதை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. சீட்டில் எழுதாததைச் சொல்வது அவள் சந்தோஷம். தும்மிக்கொண்டு உள்ளே போனால் மூன்று யோசனையோடுதான் வெளியே வரலாம்.

அன்றைக்கு மத்தியானம் கடைக்குள் நுழைந்தது அவள் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு தெரு தள்ளி பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவள். கையில் இருப்பதும் வாயில் இருப்பதும் ஒன்றே என்பதால் அவளுக்குப் பெயர் கத்தரி. தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தம்பியை வளர்த்து, லிஃப்ட் மெக்கானிக் ஆக்கி, அவனுக்குக் கல்யாணமும் கட்டி வைத்தவள். அரை டாக்டருக்கு மாமியார் இல்லாத குறையை இவள் ஒருத்தியே தீர்த்து வைத்தாள் என்று சொன்னால் போதும்.

"இங்க பாருடி," என்று கத்தரி கவுண்டரில் முழங்கையை ஊன்றி, கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினாள். "இப்பதான் புடிக்குது."

வெள்ளை இருக்கவேண்டிய இடம் எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது.

"என்ன அண்ணி புடிக்குது?"

"உன் மாத்திரைதான். உடம்புல நிக்காம ஓடிடும்னு சொன்னியே, நின்னுடுச்சு பாரு. கண்ணு வரைக்கும் ஏறிடுச்சு!"

அரை டாக்டர் அவள் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

சங்கதி இதுதான். நாளெல்லாம் நின்றபடி முடிவெட்டுகிறவளுக்கு முட்டி வலி. மஞ்சள் சத்து மாத்திரை வாங்கி ஒரு மாசம் சாப்பிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அரை டாக்டர் கடை அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறு டப்பாவை இறக்கி, பாடம் நடத்தினாள். வெறும் மஞ்சள் சத்து ரத்தத்துக்குள் போவதே கொஞ்சம். போன கொஞ்சத்தையும் உடம்பு உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். "வாசல்ல ஒரு காவக்காரன் நிக்கிறான்னு வைங்க அண்ணி. இதுல மிளகுல இருந்து எடுத்த பைப்பரின் சேர்த்திருக்கு. அது அவனை உட்கார வச்சிடும். அப்புறம் இருபது மடங்கு உள்ள போகும்." டப்பாவில் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினாள்: மூட்டுக்கு நல்லது, ஈரலுக்கும் நல்லது. சீட்டு இல்லாமல் யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யக் கூடாது என்று முதலாளி நூறு தடவை சொல்லியிருக்கிறார். வீட்டு ஆளுக்குச் சொல்வது சிபாரிசா என்ன!

அது பத்து வாரத்துக்கு முன்னால்.

"அண்ணி, சிறுநீர் எப்படிப் போகுது?"

"கடையில நிக்க வச்சுக் கேக்கற கேள்வியா இது? டீத்தண்ணி மாதிரி போகுது. அதுவும் மஞ்சள்தானே."

"பசி?"

"சோத்தைப் பாத்தாலே குமட்டுது. உடம்பு இளைக்கட்டும், நல்லதுதான்."

"அந்த மாத்திரையை நிறுத்துங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"பொறாமை புடிச்சவளே," என்றாள் கத்தரி. ஆனாலும் வந்தாள். மாடிப்படி ஏறத் தெம்பில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் நான்காவது படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் அரை டாக்டருக்குத் தெரிந்தது.

ரத்தம் எடுத்தார்கள். ஈரல் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்டும் எண் ஐம்பதுக்குள் இருக்கவேண்டும்; ஆயிரத்து நானூற்று எண்பது இருந்தது. அந்தக் காகிதத்தை அரை டாக்டர் மூன்று தடவை படித்தாள். புள்ளி எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று தேடினாள். விட்டுப்போகவில்லை.

வார்டு டாக்டர் சின்ன வயசுப் பெண். காதில் பேனா செருகியிருந்தாள். "குடிப்பீங்களா?"

"சீ!"

"மாத்திரை, நாட்டு மருந்து, ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது," என்றாள் கத்தரி, மனசாரத்தான். மஞ்சள் அவளுக்குச் சாப்பாடு. சாப்பாட்டை யாராவது மாத்திரைக் கணக்கில் சொல்வார்களா?

டாக்டர் திரும்பி அரை டாக்டரைப் பார்த்தாள். "நீங்க வீட்டு ஆளா? உங்களுக்குத் தெரிஞ்சு?"

இந்த இடத்தில்தான் பதினோரு வருஷமாக மூடாத வாய் மூடிக்கொண்டது. பக்கத்தில், தகவல் கேட்டு ஓடி வந்த வீட்டுக்காரர் நின்றார், அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. எதற்காக எடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. 'உங்க அக்காவுக்கு நான்தான் கொடுத்தேன்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். தெருவுக்குத் தெரிந்தால்... தெருவைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தரவேண்டாம். மாத்திரையைத்தான் நிறுத்தச் சொல்லியாச்சே. நிறுத்தினால் தானாக இறங்கிவிடும். பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

"தெரியல டாக்டர்," என்றாள்.

மூன்றாம் நாள் எண் ஆயிரத்து அறுநூற்றைத் தாண்டியது. ஐந்தாம் நாள் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.

அரை டாக்டர் சாப்பிடவில்லை. கடையில் ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தைக் கொடுத்து, அவர் திரும்பி வந்து திட்டிவிட்டுப் போனார். நிறுத்தியும் ஏன் ஏறுகிறது? அப்படியானால் மாத்திரை காரணம் இல்லையோ? இந்த நினைப்பு வந்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அடுத்த நிமிஷம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் டாக்டர் அவளையும் வீட்டுக்காரரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"மஞ்சள்காமாலைக் கிருமி எல்லாம் தேடிட்டோம், எதுவும் இல்ல. ஸ்கேன்ல கல்லும் இல்ல. உடம்பே தன் ஈரலைத் தாக்கற வியாதியா இருக்கலாம். நாளைக்கு ஊசி போட்டு ஈரல்ல சின்னத் துண்டு எடுத்துப் பாக்கணும். ஆனா ரத்தம் உறையறது மெதுவாகிட்டே வருது. எடுத்த இடத்துல கசிய ஆரம்பிச்சா நிறுத்தறது கஷ்டம்."

"எடுக்கலைன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"காரணம் தெரியாம காத்திருக்கணும். இதே மாதிரி ஏறினா ஈரல் மாத்தற ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

ஈரல் மாற்றுவது. லிஃப்டில் கயிறு மாற்றுகிறவருக்கு அந்த வார்த்தை முதலில் புரியவில்லை. புரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அரை டாக்டர் வார்டுக்குள் போனாள். கத்தரி குழந்தை மாதிரி சுருண்டு படுத்திருந்தாள். கை தோளைச் சொறிந்துகொண்டே இருந்தது, தூக்கத்திலும். தலை சிக்குப் பிடித்திருந்தது. ஊர்த் தலையெல்லாம் திருத்துகிறவள் இப்படிக் கிடக்கலாமா என்று சீப்பைத் தேடி, தொழில் பையைத் திறந்தாள். அந்தப் பையை விட்டுவிட்டு கத்தரி சொர்க்கத்துக்குக்கூடப் போகமாட்டாள். கத்தரிக்கோல், துண்டு, ஹேர்பின் டப்பா.

ஹேர்பின் டப்பா கனத்தது. திறந்தாள்.

ஹேர்பின் இல்லை. ஆரஞ்சும் மஞ்சளுமாக மாத்திரைகள், பாதி டப்பா. மூடியின் உட்புறமெல்லாம் பொடி அப்பியிருந்தது.

"எடுத்த இடத்துல வை," என்றது கட்டிலிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

"அண்ணி... இதை நிறுத்தச் சொன்னேனே!"

"கண்ணு மஞ்சளானதும் பயந்து நிறுத்தச் சொன்ன. இங்க வந்து பாத்தா வியாதி ஈரல்ல. ஈரலுக்கு நல்லதுன்னு நீதானே டப்பாவுல படிச்சுக் காட்டின? இவங்க மருந்தே தரமாட்டேங்கறாங்க, வெறும் தண்ணிதான் ஏத்தறாங்க. அதான் நானே தினம் ரெண்டு வேளை, ரெண்டு ரெண்டா..." மூச்சு வாங்கியது. "உன் பேச்சைக் கேட்டா திட்டற, கேக்காட்டியும் திட்டற."

அரை டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் நிற்கிற காவல்காரன் என்று கதை சொன்னாளே, அந்தக் காவல்காரன் யார்? குடலும் இதே ஈரலும்தானே! இவள் மிளகைக் கொண்டு அவனை உட்கார வைத்தாள். இருபது மடங்கை உள்ளே விடச் சொன்னாள். இத்தனை நாளும் அண்ணி அவன் தலையில்தான் கொட்டிக்கொண்டிருக்கிறாள், இரட்டையாக.

டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நிற்கவில்லை. நின்றால் வாய் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர், நான் பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், பைப்பரின் எவ்வளவு, எத்தனை வாரம், யார் கொடுத்தது. பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் திரும்பவில்லை.

டாக்டர் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் டப்பாவை வாங்கி, காதிலிருந்த பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"நிறைய பேர் சாப்பிடறாங்க, ஒண்ணும் ஆகறதில்ல. ரொம்பச் சிலருக்கு ஈரல் ஏத்துக்காம இப்படி அடி வாங்கும். பிறவியிலேயே ஒரு மரபணு வகை இருக்கறவங்களுக்கு வாய்ப்பு அதிகம். மிளகுச் சத்து சேர்ந்ததுல நிறைய பாக்கறோம். யாருக்கு வரும்னு முன்கூட்டி சொல்ல முடியாது. வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா? இது அதையும் உடம்புல அதிகமா தங்க வைக்கும்."

"இல்ல டாக்டர். சத்தியமா."

"ஊசியைத் தள்ளி வைக்கறேன். இது நின்னு எண் இறங்குதான்னு பாப்போம்."

"இறங்குமா?"

"பெரும்பாலும் இறங்கும்," என்றாள் டாக்டர்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் வீட்டுக்கே வராமல் வராந்தா பெஞ்சிலேயே படுத்தார். மனுஷன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தி முடித்திருப்பாள். அந்த இரண்டு நாளில் கத்தரியின் கண் முன்னைவிட மஞ்சளானது. அரை டாக்டர் அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காகிதம் வந்தது: ஆயிரத்து முன்னூறு. ரத்தமும் கொஞ்சம் வேகமாக உறைந்தது. கண்ணின் மஞ்சள் கடைசியில்தான் போகும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றாள் டாக்டர். பயப்படாமல் இருப்பது அரை டாக்டர் கையிலா இருக்கிறது?

"யாருடி போட்டுக் கொடுத்தது?" என்று கேட்டாள் கத்தரி.

"நான்தான் அண்ணி. கொடுத்ததும் நான்தான், போட்டுக் கொடுத்ததும் நான்தான்."

"ரெண்டு வேலையும் ஒருத்தியே பாத்தா மத்தவங்க எப்படிப் பொழைக்கறது," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் கை பின்னால் நீண்டு, அரை டாக்டரின் புடவைத் தலைப்பைப் பிடித்தது. மாலை வரை விடவில்லை.

எண் ஐம்பதுக்குள் வர மூன்று மாசம் ஆனது. முதலாளியிடமும் அவளே போய்ச் சொன்னாள். வேலை போகவில்லை, மேல்தட்டு மட்டும் காலியானது. சிபாரிசு கேட்டு வருகிறவர்களிடம் இப்போது அவள் முதலில், "வேற என்ன சாப்பிடறீங்க? மஞ்சள், மிளகு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க," என்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைக் காட்டச் சொல்கிறாள். சில பேருக்கு எரிச்சல். கடைக்கு வந்தோமா, கண் ஆஸ்பத்திரிக்கு வந்தோமா என்கிறார்கள்.

போன வாரம் கத்தரி அவளைப் பிடித்துத் தன் கடை நாற்காலியில் உட்கார வைத்தாள். கழுத்தில் துணியைக் கட்டி, காதோரம் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள்.

"ஆடாதே. கையில ஆயுதம் இருக்கு, மனசுல கோபம் இருக்கு."

அரை டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க் கண்ணாடியில் கத்தரியின் கண்கள் தெரிந்தன. வெள்ளையாக. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி மறுபடி வலிக்குதுடி," என்றாள் கத்தரி, முடியைச் சீவிக்கொண்டே. "ஏதாவது சொல்லேன்."

அரை டாக்டர் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"டாக்டரைப் பாருங்க அண்ணி," என்றாள். "நானும் கூட வரேன்."