ஒரே அறுபது

பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்காரர் அய்யாவுவுக்கு ஊசியைவிட வாய் கூர்மை. முன்பணம் வராமல் துணியில் கத்தரி வைப்பதில்லை என்பது அவர் கடைச் சட்டம். அன்று கிள்ளானிலிருந்து வந்த பவுனம்மாளிடம் அதைக் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே சொன்னார்.

"பணமும் வரல, ஒண்ணும் வரலக்கா. சும்மா போட்டேன் போட்டேன்னா எப்படி?"

"போன வாரமே முன்பணம் அறுபது வெள்ளி உங்க கணக்குல பேங்க்-இன் பண்ணிட்டேன் அண்ணே. பேங்க் குடுத்த சீட்டுதான் துணியோட துவைச்சதுல போச்சு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க லா."

பவுனம்மாள் தன் மகள் கல்யாணத்துக்கான ஆறு ரவிக்கைத் துணிகளையும் வாரிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் அடுத்த ஞாயிறு.

அவள் முகம் அய்யாவுவை உறுத்தியது. கடை காலியானதும் கணக்கு நோட்டையும் பேங்க் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். பேங்க் புத்தகத்தில் தேதி, கிளை எண், தொகை இவ்வளவுதான். போட்டவர் பெயர் அச்சாகாது. ஒவ்வொரு வரவுக்கும் நோட்டில் ஒரு பெயரைத் தேடி டிக் போட்டார். எல்லா வரவுக்கும் ஆள் இருந்தது. பவுனம்மாளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

'நான் சொன்னது சரிதான்' என்று மூடியிருப்பார். ஆனால் போன வாரத்து வரவில் அறுபது ஒன்றே ஒன்றுதான். அதற்கு நேரே நோட்டில் ஜெயராஜ் பெயர் இருந்தது. சபாரி சூட்டின் பாக்கி அறுபது. வசதிக்காரர்கள் வட்டாரமான பங்சாரில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஜெயராஜ் சீட்டு எதுவும் காட்டவில்லை. "போட்டாச்சு பாஸ்" என்றான், புத்தகத்தில் அறுபது இருந்தது, சூட்டைக் கொடுத்துவிட்டார்.

கிளை எண்ணைப் பார்த்தார். அதே எண் மேலே இன்னொரு வரவிலும் இருந்தது. அது கிள்ளான் தங்கரத்தினம் டீச்சர் சீட்டோடு வந்து காட்டிய முன்பணம். மறுநாள் காலையில் பேங்க் கவுண்டரில் கேட்டார். கிள்ளான் கிளைதான் என்றாள் அங்கிருந்த பெண்.

ஜெயராஜுக்குப் போன் போட்டார்.

"அய்யோ பாஸ், போடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன் லா!"

பங்சார்க்காரன் சொன்னால் நம்பிக்கை, கிள்ளான் அக்கா சொன்னால் சந்தேகம். அய்யாவுவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஜெயராஜ் பெயருக்கு நேரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு, அறுபதைப் பவுனம்மாள் பெயரில் எழுதினார். மத்தியானமே பஸ் ஏறிக் கிள்ளான் போனார்.

பவுனம்மாள் வாசலிலேயே நின்று அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன அண்ணே? எனக்குத்தான் தெரியுமே. நாளைக்குக் கடைக்கு வரேன்."

மறுநாள் வந்தாள். முந்தாநாள் இருந்த பெண்களில் இரண்டு பேர் அளவு கொடுக்க நின்றிருந்தார்கள். பவுனம்மாள் துணிப் பொட்டலத்தை மேசையில் வைத்து, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா."

அய்யாவு தொண்டையைச் செருமினார்.

"இந்த அக்கா பணம் போன வாரமே வந்துடுச்சு. பொய் சொன்னது இவங்க இல்ல. கணக்குல தப்புப் பண்ணது நான்தான்."

பவுனம்மாள் கையை எடுத்தாள்.

"இப்ப கத்தரி வைங்க," என்றாள்.