சிவப்புப் பலகை

“பச்சைன்னா பச்சைதான்! தையல்காரனுக்கே கலர் சொல்லித் தர்றியா?”

“ஐயோ, கத்தாதீங்க. அது சிவப்புங்க” என்றாள் மனைவி.

பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. தையல்காரர் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே, ஆலை நிறுத்தத்துக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண கவுன். இன்னும் சற்று நேரத்தில் கல்யாணம்.

பச்சைப் பலகை மாட்டிய பேருந்து எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். சிவப்புப் பலகை பெரிய ஊர்களில் மட்டும். தையல்காரருக்கோ பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். இத்தனை வருஷமாக நூல்கண்டை எடுத்துக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றுபவள் அவர் மனைவி. ரகசியம் என்று அவள் நினைத்திருந்தாள். தெருவில் தெரியாதவர் யார்?

“கலரை விடுங்க. கீழே ‘வழி’ன்னு போட்டிருக்கே, படிங்க. பாலம், சந்தை. ஆலை இருக்கா?”

“கலர் தெரியாதவன்தான் அதெல்லாம் படிப்பான்” என்று பெட்டியோடு ஏறிவிட்டார். வேறு வழியில்லாமல் அவளும் ஏறினாள்.

நடத்துநர் கையை விரித்தார். “ஆலையில நிக்காதுங்க. சந்தைக்குத்தான் டிக்கெட்.”

“பச்சைப் பலகை மாட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்னா எப்படிய்யா?”

“சிவப்புங்க, ஐயா.”

வண்டி கொல்லென்று சிரித்தது. “கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டார்” என்று மனைவி முந்திக்கொண்டாள். அவர் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை.

ஆலை வந்தது, போனது. மாடியில் தலையில் பூவும் உடம்பில் பழைய நைட்டியுமாக நின்ற கல்யாணப் பெண், தன் கவுன் பெட்டி ஜன்னலோரமாகக் கடந்து போவதைப் பார்த்து “ஏய், நில்லு!” என்று அலறினாள்.

சந்தையில் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஒரு பேருந்து வந்தது. தையல்காரர் பலகையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“இது... என்ன கலர்டி?”

“வழியைப் படிங்க.”

“செங்கல்சூளை, ஆலை, பள்ளிக்கூடம், பாலம்... ஆலை இருக்கு!”

மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தபோது இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். மனைவி பெட்டியைத் திறந்தாள். சிவப்புக் கவுனின் கீழ்மடிப்பு முழுக்கப் பச்சை நூல். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று ஐயா தன்னந்தனியாக அடித்த தையல்!

“இது புது டிசைன்” என்றாள், கண் இமைக்காமல்.

“அதான் அழகே!” என்று பெண் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

தாலியோ மோதிரமோ, எதையோ மாட்டிக் கல்யாணம் முடிந்தது. பெண் புருஷனோடு வெளிநாடு போய்விட்டாள். கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு அவள் தங்கையும் பச்சை மடிப்பு கேட்டு, அதைப் போட்டுக்கொண்டே அந்த நடத்துநரைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வீடு ஆலைக்குப் பக்கத்தில்தான். மாப்பிள்ளையின் வண்டி மட்டும் இன்றுவரை அங்கே நிற்பதில்லை.