நடுப்புள்ளியில் நூறு டிகிரி

விடைத்தாள் திருத்தும் முகாமின் இரண்டாம் நாள். தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் வரைபடக் கூடம், மேசைக்கு ஆறு பேர். எங்கள் மேசையின் தலைமைத் தேர்வாளர் ராஜசேகர் சார், நாங்கள் திருத்தியதை விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டிச் சரிபார்ப்பார். திரும்பி வரும் தாள்களின் மூலை ஈரமாக இருக்கும். நான் கைக்குட்டையால் பிடித்துக்கொள்வேன்.

பதினாறு மதிப்பெண் கணக்கு ஒன்று. முப்பது சென்டிமீட்டர் கம்பி. ஒரு முனை 20 டிகிரி, மறுமுனை 80. வெப்பம் நிலையாகும்வரை அப்படியே வைத்திருக்கிறார்கள். பிறகு சட்டென்று முனைகளை 40, 60 என்று மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம்?

முனைகள் பூஜ்யமாக இல்லாததால் சைன் தொடரை நேராகப் போட முடியாது. கடைசியில் கம்பி எந்த நிலைக்கு வந்து சேருமோ, அந்த நேர்கோட்டை முதலில் பிரித்தெடுக்க வேண்டும்: 40 + 2x/3. மிச்சம் இரு முனையிலும் பூஜ்யம். அதற்குத்தான் தொடர். ஆனால் தொடக்க வெப்பமான 20 + 2x இலிருந்தும் அதே கோட்டைக் கழித்தாக வேண்டும்.

அன்று காலை ஒரு தாளில் அது சுத்தமாகக் கழிக்கப்பட்டிருந்தது. மிச்சம் 4x/3 − 20. ஒற்றைப்படை உறுப்புகள் எல்லாம் மறைந்துவிட்டன. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரி: நடுப்புள்ளி எப்போதும் 50 டிகிரியிலேயே இருக்கும். படித்ததும் எனக்கு இதமாக இருந்தது.

விடைக்குறிப்பைப் பார்த்தேன். அதில் தொடக்க வெப்பத்திலிருந்து எதையும் கழிக்கவில்லை. 20 + 2x ஐ அப்படியே தொடராக்கி, மேலே நேர்கோட்டையும் கூட்டியிருந்தார்கள். குறிப்பின்படி இந்தத் தாளுக்கு, தொடக்கக் கோடு, இறுதிக் கோடு இரண்டுக்குமான நான்கு மதிப்பெண்தான். மற்ற கேள்விகளில் முப்பத்து மூன்று. ஆக முப்பத்தேழு. தேர்ச்சிக்கு நாற்பத்தைந்து வேண்டும்.

பக்கத்தில் இருந்த சாஜிதாவிடம் காட்டினேன். அவள் நன்னிலம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். குறிப்பில் x = 15, நேரம் பூஜ்யம் என்று போட்டுப் பார்த்தாள். கோட்டிலிருந்து 50, தொடரிலிருந்து 50.

"நூறு. முனையில எம்பதுதான், நடுவுல நூறா? அரிசி போட்டா வெந்துரும்டி."

பிறகு குரலைத் தாழ்த்தி, குறிப்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். ராஜசேகர் சார் எழுதிய கைடு. பக்கம் உட்பட அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய மாணவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். நான் என் கட்டைப் புரட்டினேன். முப்பது தாளில் பத்தொன்பதில் அதே பிழை, அதே வரிகள். குறிப்பில் ஓரிடத்தில் விடுபட்டிருந்த அடைப்புக்குறிகூடப் பத்தொன்பதிலும் விடுபட்டிருந்தது. ஒருவர் மென்று துப்பியதைப் பத்தொன்பது பேர் விழுங்கியதுபோல இருந்தது.

நான் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் தாளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் போண்டா தின்றுகொண்டிருந்தார்.

"சார், குறிப்புல தொடக்க நிலையக் கழிக்கலைங்க. நடுவுல நூறு டிகிரி வருதுங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. எந்தக் கல்லூரி, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார். பட்டுக்கோட்டை, இரண்டு வருடம் என்றேன். குறிப்பு குறிப்புதான் என்றார். நான் நகரவில்லை. கால்தான் நகரவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் சாஜிதா எழுந்து வந்து, எண்ணைப் போட்டுப் பார்த்த காகிதத்தை அவர் முன் வைத்துவிட்டாள். மேசையில் மற்றவர்கள் பேனாவை நிறுத்தினார்கள்.

இப்போது பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. எண்ணெய் விரலால் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு முறையும் வழக்கத்துல இருக்கும்மா. ரெண்டுக்கும் முழு மார்க் போட்டுருங்க. புள்ளைங்க பாவம்."

அதையே கூடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். எல்லோருக்கும் நிம்மதி. வேலை சீக்கிரம் முடியும். இரண்டு பேர் அவருக்குப் பெரிய மனசு என்றார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சந்தோஷமா?"

"சரிங்க சார்" என்றேன். சாஜிதா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் இடத்துக்குப் போனாள்.

நல்ல தாளுக்குப் பதினாறு போட்டேன். நாற்பத்தொன்பது, பாஸ். அடுத்த தாளில் நடுவில் நூறு டிகிரி. அதற்கும் பதினாறு. அதற்கடுத்ததற்கும். நாலாவதில் கை தயங்கவே இல்லை.

பதினோராவது தாளில் 4x/3 − 20 என்று எழுதி, எழுதியவரே அதன்மேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தார். கீழே கைடின் வரிகள், விடுபட்ட அடைப்புக்குறியோடு. அடித்ததன் அடியில் இருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு ஓரத்தில் பதினாறு என்று எழுதினேன்.