வரிசையில்லாத கடைக்கு முப்பது விநாடி

நான் எழுதிய விளம்பரங்களில் எனக்கே பிடித்தது இது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ நாசமாய்ப் போனது.

2022 ஜூலை. பெற்றோல் செட் வரிசையில் நாள்கணக்கில் பாய்போட்டுப் படுத்தும் பெற்றோல் கிடைக்காமல் புத்தளமே சைக்கிளுக்கு இறங்கியிருந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு சனம் திருத்த ஓடியது. தில்லையடியில் ஹாசிம் மாமாவின் கடைக்கு மட்டும் ஆளில்லை. காரணம் அவரேதான். எவருடைய சைக்கிளையும் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார். வேலை முடியும்வரை சொந்தக்காரர் கதிரையில் இருக்க வேண்டும்; முடியாதென்றால் சைக்கிளையும் கொண்டு போய்விட வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? அடுத்த தெருக் கடையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படியே போனால் மாதமுடிவில் கடையைப் பூட்டவேண்டியதுதான். அவருடைய மகள் இல்மா அழுது அடம்பிடித்து வாப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். இனிமேல் விட்டுவிட்டுப் போகலாம். அதை ஊருக்கு அறிவிக்க என்னிடம் வந்தாள். முகநூலுக்கு விளம்பரம் செய்வது என் தொழில். ஒரு போனும் நிறையத் தலைக்கனமும்தான் என் முதல்.

முப்பது விநாடி, ஒரே காட்சி. ஒருவன் கோணிய சில்லோடு சைக்கிளை உருட்டி வருகிறான். தோளில் பாய், கக்கத்தில் தலையணை, கையில் தண்ணீர்ப் போத்தல். முதல் மூன்று விநாடியில் இது தெரிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். கடைவாசலில் பாயை விரித்துப் படுக்கிறான். ஹாசிம் மாமா எட்டிப் பார்க்கிறார். பிறகு அந்தக் கடைசி வசனம்: "இது பெற்றோல் செட் இல்ல தம்பி. சைக்கிள விட்டுட்டுப் போங்க, பின்னேரம் வாங்க." உடனே கடையின் பெயர், தொலைபேசி எண். அவ்வளவுதான்.

படுப்பவனாக இல்மாவின் புருஷன் றஸ்மி நடித்தான். வெட்கமில்லாமல் குறட்டையும் விட்டான். தெருவே சிரித்தது.

ஹாசிம் மாமா "சைக்கிள" என்று தொடங்கி நின்றார். நான்கு முறை. ஐந்தாம் முறை என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மகள், இது யாழ்ப்பாணத்துக்கும் போகுமா?"

"உலகம் முழுக்கப் போகும் மாமா!" என்றேன் பெருமையாக. என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. வெயில் ஏறினால் முகத்தில் நிழல் விழும்.

"நடிப்புத்தானே வாப்பா, சும்மா சொல்லுங்களேன்," என்றாள் இல்மா.

"அது சும்மா சொல்ற கதை இல்ல புள்ள. அது அமானிதம், நம்பித் தந்துட்டுப் போற பொருள். விட்டுட்டுப் போங்கண்டு சொன்னா திருப்பிக் குடுக்கோணும்."

பிறகு, கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பார்த்தபடி சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் அவருக்குக் கடை இருந்தது. ஊரைவிட்டு வந்த அன்றைக்குக் காலையிலும் ஒரு டீச்சரிடம் அதையேதான் சொன்னார், பின்னேரம் வாங்க என்று. பத்தரைக்கு இயக்கத்தின் ஒலிபெருக்கி வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் ரெண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். கடைக்குள் பதினொரு பேருடைய சைக்கிள்கள்.

"தந்தவங்க நம்பித் தந்தாங்க. பூட்டிட்டு வந்தன். வழியில இயக்கம் திறப்பையும் வாங்கிட்டுது; கடையத் திறந்தவன் ஆரோ. அந்தப் பதினொரு பேரும் என்னை என்னண்டு நினைச்சிருப்பாங்க?"

யுத்தம் முடிந்து போய்ப் பார்க்கவில்லையா என்று றஸ்மி பாயில் இருந்தபடியே கேட்டான்.

"போனன். கடையும் இல்ல, அந்தச் சனமும் இல்ல. எல்லாம் இடம்பெயர்ந்து சிதறிப் போட்டுது."

இல்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வாப்பா சோம்பலில்தான் சைக்கிள் வாங்கிவைப்பதில்லை என்று எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பாள்! எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. "வசனத்தை மாத்துவம் மாமா. இருங்க, கையோட செஞ்சு தாறன் எண்டு சொல்லுங்க," என்றேன்.

"அதைச் சொன்னா ஆர் வருவாங்க?" என்றார். அதுவும் உண்மைதான். அந்த வசனத்தால் கடை பிழைக்காது என்பது எழுதுகிற எனக்குத் தெரியாதா?

அவர் எழுந்தார். நான் போனைத் தாழ்த்தப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார். நேராக அதைப் பார்த்தார், இதுவரை ஒருமுறைகூட அப்படிப் பார்க்காதவர்.

"நான் சோனகதெரு சைக்கிள் கடை ஹாசிம். இப்ப புத்தளம், தில்லையடியில இருக்கன். டீச்சர், உங்கட சைக்கிளுக்குப் பின் சில்லு நெளிவு எடுத்து முடிச்சிட்டன். ஐயாத்துரை அண்ணை, உங்கடைக்குப் புதுச் செயின் போட்டன்."

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். முப்பது விநாடி எப்போதோ கடந்துவிட்டது. இல்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தவில்லை. பதினோராவது ஆளின் பெயர் அவருக்கு வரவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார், கண் கலங்கியது.

"பேர் மறந்துட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்க. பச்சைச் சைக்கிள். நான் அத இன்னும் தொடவே இல்ல."