ஆறாம் பக்கத்தில் பதினோரு வரி

ஆறு பக்கம். அதற்கு மேல் ஒரு வரி போனாலும் அந்த ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். செய்தித்தாள் மாதிரி பக்கத்துக்கு இரண்டு பத்திகள், ஐந்து படங்கள், எண் போட்ட இருபத்து மூன்று மேற்கோள்கள், ஒரே ஓர் அடிக்குறிப்பு. எல்லாவற்றையும் அடக்கி, ஆறாம் பக்கத்தின் கடைசி வரியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம்.

அந்த அடிக்குறிப்பு சென்றாயனுடையது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். கல் அறுக்கும்போது வரும் சேற்றைச் செங்கல்லில் கலக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. பதினான்கு வாரம், வாரம் தவறாமல் டப்பாவில் சேறு பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஓசூரில் எங்கள் கல்லூரிக்கே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி வாரங்களில் ஆளைவிட இருமல்தான் முதலில் வந்தது. "புஸ்தகத்துல எம் பேரு வருமா மேடம்?" என்று ஒருநாள் கேட்டார். வரும் என்றேன். கட்டுரை எழுதி முடிப்பதற்குள் போய்விட்டார்.

மூன்றாம் பக்கத்தின் இடது பத்தியில், சேறு சேகரித்ததைச் சொல்லும் வாக்கியத்தில் சின்னதாக ஒன்று என்ற எண்ணைப் போட்டு, பத்தியின் அடியில் அவர் பெயர், தொழில், இறந்துவிட்டார் என்ற தகவல். நான்கு வரி.

திருத்திய பிரதியை அனுப்ப வேண்டிய நாளன்று என் வழிகாட்டி விஜயகுமார் சார் இரண்டு மேற்கோள்களைச் சேர்க்கச் சொன்னார். இரண்டும் அவரே எழுதிய பழைய கட்டுரைகள்.

"முன்னுரையிலயே போட்டுரு, ஃபெபா. அஞ்சு, ஆறுன்னு வரட்டும்."

போட்டேன். பழைய ஐந்து ஏழாகி, இருபத்து மூன்று இருபத்தைந்தாகி, கடைசி மேற்கோளின் நான்கு வரி ஏழாம் பக்கத்துக்குத் தாண்டியது. படங்களைச் சுருக்கிப் பார்த்தேன். அச்சில் படங்களுக்குள் இருந்த எழுத்து எறும்பு மாதிரி ஆனது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் முதல் பிரதியிலேயே அதைத்தான் குறை சொல்லியிருந்தார்.

சார் திரையைப் பார்த்தார். "நாலு வரிதான? அந்த அடிக்குறிப்ப எடுத்துரு."

"சார், அவருக்கு நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"உன் தீசிஸ்ல போடு. அதுல பக்கக் கணக்கே கிடையாது."

அந்தத் தீசிஸ் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. எடுத்தேன்.

எடுத்ததும் பக்கங்கள் மளமளவென்று மேலே ஏறின. அவர் அப்படியே அனுப்பிவிட்டு மீட்டிங்குக்குப் போனார். நான்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஆறாம் பக்கத்தின் அடியில் பதினோரு வரி காலி. நான்கு வரி எடுத்தால் நான்கு வரிதானே குறைய வேண்டும்?

அப்புறம்தான் புரிந்தது. அதே மூன்றாம் பக்கத்தில், மூன்றாவது படத்தை அதைச் சொல்லும் வாக்கியத்துக்குக் கீழேயே, எழுத்தோடு எழுத்தாக வைத்திருந்தேன். அடிக்குறிப்பு இருந்தவரை அந்த இடம் பற்றாமல், படம் வலது பத்திக்குத் தாவி, இடது பத்தியில் பெரிய வெற்றிடத்தை விட்டிருந்தது. படத்தை வலது பத்தியின் உச்சியில் பொருத்திவிட்டு, எழுத்தை அந்த வெற்றிடத்தில் ஓடவிட்டிருந்தால் போதும். இரண்டு மேற்கோளும் இருந்திருக்கும், சென்றாயனும் இருந்திருப்பார். ஐந்து நிமிட வேலை. இத்தனை கட்டுரை அடுக்கியவளுக்கு அது தோன்றவில்லை.

வெளியிடும் முன் சரிபார்க்க மெய்ப்பு வந்தபோது சாரிடம் கெஞ்சினேன். "இப்ப புதுசா சேத்தா எடிட்டர் கேள்வி கேப்பாரு. எழுத்துப் பிழை மட்டும் பாரு, விடு" என்றார். ஆய்விதழ் ஆசிரியருக்கு நானே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

கட்டுரை வெளிவந்த செய்தி மாதேஸ்வரிக்கு எப்படியோ எட்டிவிட்டது. சென்றாயனின் மனைவி. பாகலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஷிப்ட் முடிந்து நேரே கல்லூரிக்கு வந்துவிட்டார்.

"அவரு பேரு எங்கம்மா இருக்குது?"

அச்செடுத்த தாள்களை நீட்டினேன். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு புரண்டுவிட்டது. முதல் பக்கத்தில் பெயர்கள் இருந்த வரியைத் தொட்டேன். அங்கே இருந்தது என் பெயரும் விஜயகுமார் சார் பெயரும்.

"இதுவா?"

"ஆமாங்க்கா."

மாதேஸ்வரி அந்த வரியைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, பக்கத்தைப் படம் பிடித்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதும்மா. எந்தம்பி பாலாஜி பெங்களூர்ல இருக்கான், நல்லாப் படிப்பான். வாசிச்சு வாய்ஸ் போடச் சொல்லியிருக்கேன், பசங்களுக்குக் கேக்க வெக்கணும்."

அனுப்பிவிட்டு, தம்பியின் பதில் வரும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று என் எதிரே உட்கார்ந்தார்.