கோடு வராத மெயில்

ஜெர்மனிக்காரர்களின் பதில் வரவேண்டிய அன்று காலையிலேயே வெள்ளைத்தாய் பசுவந்தனையிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டாள். குடோன் வாசலில் தன் அவுரி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மழையை நம்பிப் போட்ட கரிசல் குத்தகையில் அந்த வருஷம் உளுந்து கைவிட்டது. அவுரி மட்டும்தான் நின்று கொடுத்தது. பேதி மருந்துக்கென்று கடல் தாண்டிப் போகிற இலை அது. பச்சை மாறாமல் நிழலில் காயப்போட்டால்தான் வாங்குவார்கள். அவள் ஆட்டுக்கொட்டிலைக் காலிசெய்து, ஆடுகளை வெயிலில் கட்டிவிட்டு, இலையை உள்ளே காயப்போட்டிருந்தாள்.

பிரேமாவுக்கு அதெல்லாம் தெரியும். அவள் இலையில் மாதிரி எடுத்து, பையில் போட்டு, "லாட் நான்கு" என்று எழுதி ஜெர்மனிக்கு அனுப்பியவள் அவள்தான். வேணுகோபாலின் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிங், டெலிபோன், மெயில் எல்லாம் அவள் பொறுப்பு. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஓர் அறை, பின்னால் குடோன், டெலிபோன் லைனில் இன்டர்நெட் பிடிக்கிற ஒரு கம்ப்யூட்டர். இலவச மெயில் முகவரி ஒன்றை வைத்துக்கொண்டே வேணுகோபால் இரண்டாயிரத்து மூன்று வரைக்கும் வியாபாரத்தை ஓட்டி வந்திருந்தார்.

மெயிலில் ஐந்து லாட்டுக்கும் முடிவு சொல்லியிருந்தார்கள். ஒன்று, மூன்று, ஐந்து ஏற்பு. அதில் சிக்கலில்லை. நான்காவதற்கு நேரே, "தள்ளுபடி, மண் அளவுக்கு மேல். இரண்டாம் சலிப்புக்குப் பின் ஏற்பு" என்று இருந்தது. இரண்டாவதற்கு நேரே, "ஏற்பு. நிறுத்திவைக்கவும், அறிக்கை இணைப்பில்." மெயிலின் அடியில் இணைப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பெயர் வின்மெயில்.டேட். பிரேமா அதை அழுத்தினாள். எந்த புரோகிராமில் திறக்க என்று கம்ப்யூட்டர் அவளையே திருப்பிக் கேட்டது.

வேணுகோபால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். அவருக்கு அதில் குழப்பமே தெரியவில்லை. வெள்ளைத்தாயின் இலையில் மண் இருக்கிறது, இன்னொரு தடவை சலித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் மத்தியானம் லாரி தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். எல்லா மூட்டையையும் அவிழ்த்துச் சலித்து மறுபடி அழுத்திப் பேல் கட்ட நேரமில்லை. அதனால் நான்கை விட்டுவிடலாம். இரண்டு ஏற்பு என்றுதான் முதலில் போட்டிருக்கிறார்கள், அது போகட்டும் என்று லாரியில் ஏற்றச் சொன்னார். இரண்டாம் லாட் கயத்தாறு பக்கம் இருந்த அவருடைய சொந்த நிலத்து இலை.

"நிறுத்திவைன்னும் போட்டிருக்கே அண்ணாச்சி" என்றாள் பிரேமா.

அறிக்கை வரும்வரை பணத்தை நிறுத்திவைப்பார்கள், வழக்கமான விஷயம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வின்மெயிலைத் தொடவே வேண்டாம், வைரஸாக இருக்கும் என்றும் எச்சரித்தார். அந்த வருஷம் அப்படித்தான், ஊரில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்தாலும் ஒரு மெயிலைத்தான் குற்றம் சொன்னார்கள்.

பிரேமா வாசலுக்குப் போய் வெள்ளைத்தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"மண்ணா? என் இலையிலயா?" என்றாள். "ரெண்டு மட்டம் சலிச்சுத்தான் கொண்டாந்தேன் தாயி. தரையில போடல, சாக்கு விரிச்சு அதுமேலதான் போட்டேன். மொதலாளி என்ன சொன்னாலும் நான் மூட்டையைத் தூக்க மாட்டேன். அவிய என்ன எழுதிருக்காவன்னு முழுசா எனக்குத் தெரியணும்."

முழுசாக என்ற சொல் பிரேமாவுக்குள் தங்கிவிட்டது. அவளுக்கும் அதுதான் உறுத்தல். ஒரே வரியில் வேண்டாம் என்றும் வேண்டும் என்றும் ஒருத்தி எழுதுவாளா? வாங்குகிற கம்பெனியில் இவர்களுக்கு எழுதுகிற அம்மாவின் கடிதங்கள் எப்போதும் அளந்து வெட்டின மாதிரி இருக்கும். அவள் இப்படி உளற மாட்டாள்.

முதலில் அந்த அம்மாவுக்கே எழுதினாள். இணைப்பு திறக்கவில்லை, தயவுசெய்து மறுபடி அனுப்பவும் என்று. அங்கே அப்போதுதான் ஆபீஸ் திறந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. இங்கே நன்றாகத் திறக்கிறது, இதோ மறுபடி அனுப்புகிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தாள். அதன் அடியிலும் அதே வின்மெயில்.டேட் உட்கார்ந்திருந்தது.

பிரேமா அந்த இரண்டாவது ஃபைலை ஃபிளாப்பியில் இறக்கிக்கொண்டு, மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, முதலாளியிடம் பேங்க் பக்கம் போவதாகச் சாக்குச் சொல்லாமல், உள்ளதையே சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் தலையை ஆட்டினாரே தவிரத் தடுக்கவில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் கிங்ஸ்டன் என்பவன் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். முப்பது வயசுக்காரன், முன்பு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் பார்த்தவன். அவன் முதல் வேலையாக ஃபிளாப்பியை வைரஸுக்குச் சோதித்தான். ஒன்றும் இல்லை. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மாற்றி வேர்டில் திறந்து பார்த்தான். திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வந்தன. கெட்டுப்போன ஃபைல் போலிருக்கிறது, அவர்களையே ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லுங்கள் என்றான்.

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்?" என்று கேட்டாள் பிரேமா. "நோட்பேடுல தெறந்து காட்டுங்க."

நோட்பேடிலும் குப்பைதான். ஆனால் அவள் எழுந்துபோகாமல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். குப்பைக்கு நடுவே ஓரிடத்தில் மைக்ரோசாஃப்ட் மெயில் என்று எழுத்து தெரிந்தது. இன்னும் கீழே, தெளிவாக, ஒரு வேர்டு ஃபைலின் பெயர். லாட் இரண்டு அறிக்கை. அவள் திரையில் விரலை வைத்தாள்.

"உள்ள இருக்கு" என்றாள். "கெட்டுப்போகல. மூட்டை கட்டி அனுப்பிருக்காங்க. நமக்கு அவுக்கத் தெரியல."

அதற்குப் பிறகு கிங்ஸ்டனுக்கும் சூடு பிடித்தது. வின்மெயில்.டேட் என்ற பெயரையே தேடலில் போட்டான். லைன் இரண்டு முறை அறுந்தது, இரண்டு முறையும் மறுபடி பிடித்தான். உலகம் பூராவும் ஆட்கள் இதே கேள்வியைக் கேட்டு வைத்திருந்தார்கள். அவன் வாசித்து வாசித்து அவளுக்குச் சொன்னான். அனுப்புகிறவர் அவுட்லுக் என்ற மெயில் புரோகிராமில், ரிச் டெக்ஸ்ட் என்ற முறையில் எழுதுகிறார். அப்படி எழுதினால் எழுத்தின் கலர், தடிமன், இணைத்த ஃபைல்கள் எல்லாவற்றையும் அது ஒரே பொட்டலமாகக் கட்டி வின்மெயில்.டேட் என்று பெயர் வைத்துவிடுகிறது. வாங்குகிறவரும் அவுட்லுக்கில் இருந்தால் பொட்டலம் தானாக அவிழும், கண்ணிலேயே படாது. மற்றவர்களுக்கு வெறும் சொற்கள் மட்டும் மெயிலாக வரும், மிச்சமெல்லாம் பொட்டலத்திலேயே கிடக்கும்.

"அதான் அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல" என்றான் கிங்ஸ்டன். "அவிய கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தான் தெரியுது."

பொட்டலத்தை அவிழ்க்கவென்றே சின்ன புரோகிராம்கள் இலவசமாகக் கிடைத்தன. ஒன்றை இறக்கி, அதையும் சோதித்துவிட்டு ஓட்டினான். வின்மெயிலை அதற்குக் கொடுத்ததும் இரண்டு ஃபைல்கள் வெளியே வந்து விழுந்தன. ஒன்று அறிக்கை. மற்றது மெயிலேதான், அந்த அம்மா எழுதினபடியே. இரண்டாம் தடவை அனுப்பும்போது பழைய கடிதத்தையும் கீழே சேர்த்தே அனுப்பியிருந்தாள்.

பிரேமா மெயிலை முதலில் திறக்கச் சொன்னாள். நான்காம் லாட் வரியைப் பார்த்ததும் அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டாள். "தள்ளுபடி, மண் அளவுக்கு மேல்" என்பதன் குறுக்கே ஒரு கோடு ஓடியது. அதன் பக்கத்தில் சிவப்பில், "இரண்டாம் சலிப்புக்குப் பின் ஏற்பு." அவர்களுடைய ஆய்வுக்கூடத்திலேயே மாதிரியை இன்னொரு தடவை சலித்து மண்ணை அளந்ததில் அளவுக்குள்தான் இருந்திருக்கிறது, அந்த அம்மா பழைய முடிவை அடித்துப் புதியதை எழுதியிருக்கிறாள். சொற்கள் வந்தன, அடித்த கோடு வரவில்லை.

அடுத்து அவள் கண் தானாக இரண்டாம் லாட்டுக்குப் போனது. அங்கேயும் கோடு இருந்தது, "ஏற்பு" என்ற சொல்லின் மேல். "நிறுத்திவைக்கவும்" சிவப்பில் நின்றது. அறிக்கையைத் திறந்தார்கள். பூச்சிமருந்தின் மிச்சம், அனுமதித்த அளவைவிட அதிகம்.

திரும்பி நடக்கையில் பிரேமாவுக்கு வெள்ளைத்தாயை நினைத்துச் சந்தோஷப்பட முடியவில்லை. முதலாளியின் சொந்த இலையைப் பற்றிய இன்னொரு காகிதத்தையும் அவர் மேஜையில் வைக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் நான்காம் லாட்டை மட்டும் சொல்லலாமா என்று ஒரு கணம் ஓடத்தான் செய்தது. லாரி போய்விடும், பிறகு அவர்பாடு. ஆனால் மெயில் ஒன்றுதான், கோடும் ஒரே கை போட்டதுதான். ஒன்றை நம்பி ஒன்றை விட அவளுக்கு வரவில்லை.

பிரிண்ட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எப்படி வந்தது, எப்படி இருந்தது என்று சொன்னாள். வேணுகோபால் நான்காம் வரியை ஒப்புக்கொண்டார். இரண்டாம் வரியில் அவர் குரல் உயர்ந்தது. எவனோ இலவசமாகக் கொடுத்த புரோகிராம், அது காட்டுகிறதை நம்பி ஒரு லாட்டையே இறக்குவதா என்றார். பிரேமா அறிக்கையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப அவியளுக்கே போன் போட்டுக் கேப்போம் அண்ணாச்சி. நான் பேசுதேன். இல்லைன்னு சொன்னா இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுதேன்."

அவர் டெலிபோனைப் பார்த்தார், எடுக்கவில்லை. அறிக்கையைக் கையில் எடுத்து, மருந்தின் பெயர் இருந்த வரியில் கட்டைவிரலை வைத்து வாசித்தார்.

"கார்த்திகையில புழு விழுந்துச்சு" என்றார் கடைசியில். "மருந்து அடிச்சேன். அடிச்சு ஒரு வாரம்கூட விடாம அறுத்துட்டேன். போன் வேண்டாம். என் லாட்டை இறக்கச் சொல்லு. நாலை ஏத்து."

அன்று சாயங்காலமே லாரியில் ஆட்கள் ஏறி மூட்டைகளை மாற்றினார்கள். வெள்ளைத்தாய் தன் மூட்டைகளை எண்ணி ஏற்றினாள். நடந்ததை பிரேமா விளக்கியபோது அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"கோடு போட்டாத் தெரியாதுன்னு அந்தம்மாகிட்ட யாராச்சும் சொல்லணுமில்லா" என்றாள். "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி எழுதுதாகளோ."

பிரேமா அதைத்தான் அடுத்து செய்தாள். கிங்ஸ்டனிடம் கேட்டு எழுதி வந்ததை வைத்து ஒரு மெயில் அடித்தாள். உங்கள் அவுட்லுக்கில் டூல்ஸ் போய், ஆப்ஷன்ஸில் மெயில் ஃபார்மட் என்ற பக்கத்தில், ரிச் டெக்ஸ்டை மாற்றி வெறும் எழுத்து மட்டும் போகிற பிளெயின் டெக்ஸ்ட் என்று வையுங்கள், எங்களுக்கு எதையும் கோடு போட்டு அடிக்காமல் முடிவை மட்டும் எழுதுங்கள் என்றாள். வாங்குகிறவர்களுக்கு இந்த மாதிரி உத்தரவு போடலாமா என்று வேணுகோபால் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். தயவுசெய்து என்ற சொல்லை மட்டும் இன்னொரு தரம் சேர்த்துவிட்டு அவள் அனுப்பினாள்.

மறுநாள் லாரி புறப்படுகிற நேரத்துக்குப் பதில் வந்தது. சின்ன கறுப்பு எழுத்து, கலரில்லை, இணைப்பு ஒரு சாதாரண வேர்டு ஃபைல், அழுத்தியதும் திறந்தது. ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து ஏற்பு. இரண்டு வேண்டாம். தன் பக்கத்திலிருந்து அது தெரியவே இல்லை என்று அந்த அம்மா மன்னிப்புக் கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. போன மாதம் அனுப்பிய மெயிலும் இப்படித்தான் வந்ததா?

பிரேமா பழைய மெயில்களுக்குப் போய், அதே பெயரில் இணைப்பு இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கத் தொடங்கினாள்.