மாற்றி எழுதிய முதல் வரி

லிங்கராஜபுரத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் விஜிக்கு அன்றைய வகுப்பில்தான் எல்லாமே இருந்தது. ஆய்வுக்கு வந்தவர் சரியென்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஜூன் மாதம் வேறு பள்ளியின் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மூன்று நாள் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதியிருந்தாள். நோக்கம்: ஒவ்வொரு பிள்ளையும் பேட்டரி, ஒயர், பல்பை இணைத்து எரியவைக்கும். செயல்பாடு: இரண்டிரண்டு பேராக இணைத்துப் பழகுவது. மதிப்பீடு: கடைசியில் ஆளுக்கொரு செட்டைக் கொடுத்துத் துணையில்லாமல் எரியவைக்கச் சொல்வது. சொன்னதையே பழக்கி, பழக்கியதையே சோதிப்பது. இதில் என்ன பெரிய வித்தை வேண்டிக்கிடக்கிறது?

வகுப்பு நன்றாகவே போனது. முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேரின் பல்பு எரிந்தது. எரியாத மூவரின் பெயரை விஜி குறித்துக்கொண்டாள்.

பிறகு தலைமையாசிரியை டோரீனின் அறையில், ஆய்வாளர் பாகீரதி விஜியின் பாடத்திட்டக் கோப்பைத் திறந்தார்.

"கிளாஸ் நல்லா இருந்ததும்மா. ஆனா நோக்கம்னு என்ன போட்டிருக்கீங்க? 'மின்சுற்றின் கோளாறுகளை ஆராய்ந்து கண்டறிவர்.' கோளாறான சுற்று ஒண்ணுகூட பிள்ளைங்க கையில குடுக்கலையே? டெஸ்ட் பண்ணதும் இணைக்கிறதைத்தானே?"

விஜிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவள் எழுதிய வரியே இல்லை. கோப்புகளைச் சரிபார்த்து அனுப்பும் ஒருங்கிணைப்பாளர் ரித்விக் பக்கம் திரும்பினாள். அவன் மேஜைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஜி மிஸ் புதுசு மேடம். இன்னும் கொஞ்சம் ட்ரெய்னிங் வேணும்," என்றான்.

செய்வதையும் செய்துவிட்டுப் பழியை அவள் தலையில் கட்டுகிறான்! விஜி அவனுக்கு முந்தின நாள் அனுப்பிய பாடத்திட்டத்தைப் போனில் திறந்து மேஜைமேல் வைத்தாள். பாகீரதி இரண்டையும் ஒப்பிட்டார். செயல்பாடும் மதிப்பீடும் அப்படியே இருந்தன. முதல் வரி மட்டும் வேறு.

"ஆராய்தல்னு போட்டா ஹையர் லெவலா தெரியும்னு நெனச்சேன்," என்றான் ரித்விக்.

"வார்த்தையைப் பெரிசாக்கினா ஆச்சா சார்?" என்றாள் விஜி. "கோளாறு கண்டுபிடிக்கணும்னா எரியாத சுற்றைக் குடுத்துத் தேட வைக்கணும். கண்டுபிடிச்சாங்களான்னு டெஸ்டும் வைக்கணும். மாத்தினா மூணையும் மாத்தணும். நீங்க ஒண்ணை மாத்திட்டு, அடியில என் பேரை விட்டுட்டீங்க!"

"விஜி, ஸ்வல்ப... கொஞ்சம் மெதுவா," என்றார் டோரீன்.

"மெதுவா பேச முடியாது மேடம். போறது என் வேலை."

பாகீரதி பேனாவைத் திறந்தார்.

"கோப்பு வகுப்போட பொருந்தலைன்னு நான் எழுதித்தான் ஆகணும். ஆனா அதை ஸ்கூல் பேர்ல எழுதறேன். வகுப்பு டீச்சரோடது. அதுல குறையில்ல, சரின்னே போடறேன்."

விஜி கோப்பை இழுத்து அந்த வரியை அடித்தாள். மேலே தன் வரியை எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு பேனாவை ரித்விக் பக்கம் தள்ளினாள்.

"அடிச்ச வரி உங்களோடது சார். அதுக்கு நீங்க கையெழுத்து போடுங்க."

அவன் டோரீனைப் பார்த்தான். டோரீன் காலண்டரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவன் பேனாவை எடுத்தான்.

விஜிக்கு யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. பல்பு எரியாத மூன்று பேர் வகுப்பில் காத்திருந்தார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.